கணவாய் மை பட்ட அரசு

கல்லூரி திறந்த முதல் நாள் முதல் மணிக்கே சரிதா வகுப்புக்கு வெளியே நின்றாள். கோவளத்தில் படகு கரையேறி, ஏலம் முடிந்து, அம்மா அஞ்சம்மாளையும் மீன் கூடையையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் அவள் தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க முடியும். முந்தின பஸ்ஸில் வரலாம்தான். அப்புறம் கூடையை யார் தூக்குவது? அம்மாவுக்கு வலது தோள் இறங்கிப் போய், தலைக்கு மேல் கை எழும்பாது.

அரசியல் அறிவியல் பாடம் எடுக்க வந்திருந்த வேதாசலம் சாருக்குக் காரணமெல்லாம் தேவைப்படவில்லை. தாமதமாக வந்தால் ஆப்சென்ட், வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது, அவ்வளவுதான் என்றார். முதல் வாரத்துக்கு இது தற்காலிக டைம்டேபிள் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதினார். அரசு, அரசாங்கம், இறையாண்மை, தேசம், குடியுரிமை, அரசியலமைப்பு, மக்களாட்சி, அதிகாரம், ஆணையுரிமை, ஏற்புடைமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் சொல், பின்பக்கம் இரண்டே வரியில் பொருள். வெள்ளிக்கிழமை அவர் அட்டையைக் காட்டுவார். பொருளும் சொந்தமாக ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும்.

மணி அடித்ததும் சரிதா அவர் பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். அவர் நடந்துகொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பத்தும் சரியா சொல்லு. அப்புறம் எப்ப வந்தாலும் என் வகுப்புல உள்ள விடறேன். ஒண்ணு தப்பினாலும் வாசல்தான்."

வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பத்து அட்டை செய்தாள் சரிதா. படிக்க நேரம் கிடைத்தது கரையில் மட்டும்தான். ஒரு கையில் கூடை, ஒரு கையில் அட்டை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எழுத்து சரியாகத் தெரியாது. ஆனால் அட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வந்து சேர்ந்தது. அரசின்மேல் கணவாய் மீனின் மை கொட்டியது. இறையாண்மையில் இறால் மீசை ஒன்று ஒட்டிக் காய்ந்தது. அரசாங்கத்தின் மூலையைக் காக்கா கொத்திக்கொண்டு போனது. தேசத்தின்மேல் யாரோ டீ கிளாசை வைத்து வட்டம் போட்டுவிட்டார்கள். மீசையைத் தடவினால் போதும், இறையாண்மையின் பொருள் வாயில் தானாக வந்தது. சொல்லைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இடையில் படகுக்காரன் பாலு அதிகாரம் என்ற அட்டையைப் பிடுங்கிப் படித்தான். அடுத்தவர் விரும்பாவிட்டாலும் அவரைத் தன் விருப்பப்படி நடக்க வைக்கும் வலிமை என்று இருந்தது. பாலுவுக்கு உடம்பு தென்னைமரம். ஏலத்தில் நாலு பேரை இடித்துத் தள்ளி முன்னால் நிற்பது அவன் வழக்கம்.

"இது என்னத்தான் சொல்லிகினு கீது. எம் பேரையே எழுதிக்கோ."

அப்போது ஏலக்காரர் எத்திராஜ் லேசாக இருமினார். ஈர்க்குச்சி மாதிரி மனுஷன். காற்று பலமாக அடித்தால் வலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். பாலு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசைக்குப் பின்னால் போனான். அஞ்சம்மாள் சங்கரா மீனைப் புரட்டிக்கொண்டே, "இவன் இடிச்சா நவுறுவாங்க. அவரு சொன்னா கேப்பாங்க. அது வேற, இது வேற" என்றாள். சரிதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அரசியல் மூன்றாம் மணி. பத்து அட்டையையும் கட்டிக்கொண்டு சரிதா முதல் ஆளாக எழுந்தாள். வேதாசலம் சார் அவள் கட்டை வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த செம்பாக்கம் ஓவியாவின் அட்டைகளை எடுத்தார். ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஓரத்தில் பூ வரைந்த அட்டைகள். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து ஒன்றை உயர்த்தினார்.

இறையாண்மை.

சரிதா பார்த்தாள். மீசை இல்லை. ரோஜாப்பூ இருந்தது. முன்பின் பார்க்காத ஆளின் பெயரைப் படிப்பதுபோல் அந்தச் சொல்லைப் படித்தாள். ஒன்றும் வரவில்லை.

"சார், என் அட்டையிலயே கேளுங்க சார்."

அவர் அவளுடைய கட்டை இரண்டு விரலால் எடுத்தார். முன்வரிசை கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. மேலே இருந்த மை பட்ட அட்டையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது.

"நீ சொல்லப் படிக்கல. கறையப் படிச்சிருக்க" என்றார்.

வகுப்பு சிரித்தது. சரிதாவுக்கு வாசற்படியும் அம்மாவின் தோளும் சேர்ந்து கண்ணில் தெரிந்தன. அவர் இறையாண்மையைக் கடைசிக்கு வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிகாரம். பூப்போட்ட அட்டைக்குப் பின்னால் பாலு வந்து நின்றான்.

"எங்க ஊர்ல பாலுன்னு ஒருத்தரு கீறாரு சார்" என்று ஆரம்பித்தாள். அவன் இடித்தால் பிடிக்காவிட்டாலும் நகர்வார்கள், அது அதிகாரம். எத்திராஜ் இருமினால் அவனே நகர்வான், ஏனென்றால் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அது ஆணையுரிமை. அவர் வைத்த விலை நியாயம் என்று ஏலத்தில் தோற்ற பெண்களும் ஒப்புக்கொண்டு போகிறார்களே, அந்த ஒப்புதல்தான் ஏற்புடைமை. சொல்லச் சொல்ல மற்றவையும் வந்தன. அரசியலமைப்பு, ஆள்பவரையும் கட்டிப்போடும் அடிப்படைச் சட்டம். மக்களாட்சி, ஆள்பவரை மக்களே தேர்ந்தெடுத்து, வேண்டாமென்றால் மாற்றவும் முடிகிற ஆட்சி. குடியுரிமை, ஓர் அரசில் உறுப்பினராக இருப்பதும் அதன் உரிமை, கடமைகளும். தேசம், நாமெல்லாம் ஒன்று என்று நினைக்கும் மக்கள் கூட்டம். அரசாங்கம், அரசை நடத்தும் ஆட்கள். அவர்கள் மாறுவார்கள், அரசு நிற்கும்.

"அப்ப அரசுன்னா?"

சரிதாவுக்குத் தெம்பு ஏறிவிட்டது. மக்கள் உண்டு, எல்லை உண்டு, நிர்வாகம் பண்ண அபராதம் போடும் பஞ்சாயத்து உண்டு. "எங்க ஊருதான் சார் அரசு" என்றாள்.

வேதாசலம் சார் மேஜையில் சாய்ந்துகொண்டார்.

"உங்க ஊருக்கு இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தா உங்க தலைவர் என்ன பண்ணுவார்?"

"எழுந்து நிப்பாரு சார்."

"ஏன்?"

"இன்ஸ்பெக்டரு உக்காரணும்ல. பெஞ்சு ஒண்ணுதான் கீது."

வகுப்பே சிரித்தது. சரிதா சிரிக்கவில்லை. அந்தப் பெஞ்சையே யோசித்துக்கொண்டிருந்தாள். தலைவருக்கு மேல் ஒருவர் இருக்கிறார். எழுந்திரு என்று சொல்லாமலே எழ வைக்கிற ஒருவர். விரலில் இறால் மீசை உறுத்தியது மாதிரி இருந்தது.

"தப்பு சார்" என்றாள் மெதுவாக. "மூணுதான் கீது, நாலாவது இல்ல. தன் எல்லைக்குள்ள தனக்கு மேல யாரும் கிடையாது, வெளிய இருக்கிறவன் உத்தரவு போட முடியாது. அதுதான் இறையாண்மை. அது எங்க ஊருக்கு இல்ல. அந்த நாலும் சேர்ந்தாத்தான் அரசு."

அவர் பத்து அட்டையையும் ஓவியாவிடம் கொடுத்தார். கணவாய் மை பட்ட கட்டைச் சரிதாவிடம் நீட்டிவிட்டு விரலை மோந்து பார்த்தார்.

"என் வகுப்புக்கு எப்ப வேணும்னாலும் வா. வர்றப்ப கை கழுவிட்டு வா."

அன்று சாயங்காலம் கரையில் செய்தி பரவிவிட்டது. தன் பெயரைக் கல்லூரியில் சொன்னார்கள் என்று பாலு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். என்ன சொன்னார்கள் என்று அவனும் கேட்கவில்லை, சரிதாவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் அவசரப்படாமல் அம்மாவை ஏற்றிவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து, வகுப்புக்குள் ராணி மாதிரி காலெடுத்து வைத்தாள். உள்ளே ஆங்கில ஆசிரியை சாராள் மேடம் நின்றிருந்தார். கதவருகே புது டைம்டேபிள் ஒட்டியிருந்தது. அரசியல் மதியத்துக்குப் போய்விட்டது.

"வேதாசலம் சார் வரலாம்னு சொல்லிட்டாரு மேடம்."

"அவர் சொன்னது அவர் வகுப்புல செல்லும். இது என் வகுப்பு. வெளிய நில்லு."

சரிதா நின்றாள். ஆட்கள்தான் மாறியிருந்தார்கள், வாசற்படி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"மேடம், உங்களுக்கு எத்தினி அட்டை?"

சாராள் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, இருபது என்றார்.

சரிதா வாசலிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து மிச்சக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து மடித்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.