துடைத்த கரி

எங்கள் தேஹு ரோடு வீட்டைத்தான் தேடி வந்ததுபோல இறங்கியது அந்த மின்னல். டிவி அணைந்தது. ஃப்ரிட்ஜும் அடங்கியது. இரண்டு ப்ளக்கையும் சுற்றிச் சுவரெல்லாம் கரி.

டிவி போனால் போகட்டும். ஃப்ரிட்ஜ் இல்லாமல் என் வீட்டுக்காரர் ஆண்டனியின் இன்சுலினை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டு ஸ்நேஹாவின் ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஊசி போட வேண்டியபோதெல்லாம் அவள் கதவைத் தட்டித் தட்டியே மனிதர் கூச்சத்தில் பாதியாகிவிட்டார். வீட்டு இன்சூரன்ஸ் எடுத்தபோது மின்சாதனப் பழுதையும் சேர்க்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவள் நான். அந்த க்ளெய்மைத்தான் மலைபோல நம்பியிருந்தேன்.

உடனே கம்பெனிக்குப் போன் செய்தோம். ரிப்பேர் கடை சுனில் வந்து இரண்டையும் திறந்து பார்த்தார். மின்னலில் வோல்டேஜ் எகிறி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகள் கருகியிருப்பதாக ரிப்போர்ட்டும், கூடவே எஸ்டிமேட்டும் கொடுத்தார். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் மாற்றக்கூடாது என்றார்.

மாற்றக்கூடாது என்றார், சரி. துடைக்கக்கூடாது என்றாரா? வெளியாள் வருகிற நாளில் கரிச்சுவரைக் காட்ட நான் என்ன அவ்வளவு சோம்பேறியா? ப்ளக்கையும் சுவரையும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகாத இடத்தில் வெள்ளையடித்தேன்.

சர்வேயர் பத்ரிநாத் வந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும் மராத்தியை விட்டுத் தமிழிலேயே பேசினார். கருகிய போர்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகம் மாறியது.

"பழசாகிப் போனாலும் போர்டு கருகும்மா. பழசானதுக்கு பாலிசில இடமில்ல. மின்னல்னா ப்ளக்கு பக்கம் அடையாளம் இருக்கணுமே?"

ஆண்டனி என் முழங்கையை இடித்துக் காதோடு சொன்னார். "தொடச்சத சொன்னா ஆதாரத்த அழிச்சோம்பாரு. அடையாளமே விழலன்னு சொல்லு, பவுனு. உளறி வெக்காத."

நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? "கரி இருந்துச்சு சார்! நாந்தான் தேய்ச்சேன். நீங்க வரீங்கன்னுதான் தேய்ச்சேன்!" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "க்ளெய்முக்காகக் கரி பூசுனவங்கள பாத்திருக்கேன். துடைச்சவங்க நீங்கதாம்மா மொத ஆளு. கடைக்காரர் போட்டோ எதுவும் எடுத்தாரா?"

யார் கண்டது? சுனில் வந்தபோது நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். போன் போட்டேன்.

"ஹோ தாயி, சகளே ஃபோட்டோ ஆஹேத்" என்றார் மராத்தியில். எல்லாப் படமும் இருக்கிறதாம்!

வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கருகிய ப்ளக், கரிச்சுவர், எல்லாவற்றிலும் தேதி. என் வீட்டு அழுக்கைக் கண்டு நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.

தேய்மானம் கழித்துத்தான் க்ளெய்ம் பாஸானது. கழித்தால் கழியட்டும். சுனில் புதுப் போர்டு மாட்டியதும் ஃப்ரிட்ஜ் 'விர்ர்' என்றது. ஆண்டனி இன்சுலின் டப்பாவைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தார்.

"நம்ம ஃப்ரிட்ஜு, பவுனு" என்றார், கண்ணில் நீரோடு.

"சாத்துங்க, குளிரெல்லாம் வெளிய போவுது" என்று அதட்டினேன். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தோம்.