ஞானியார் பாடாத பாட்டு

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே, ஒரு பாட்டின் கதை சொல்கிறேன்.

உப்புவெளிக் கோயிலின் திருவிழாச் சிறப்பு மலருக்குப் பாட்டுகள் தொகுத்த தேனுகாவுக்கு ஒன்றில் மட்டும் சந்தேகம். ஊரே தன் பழைய புலவர் ஞானியார் பாடியதென்று பாடும் அந்தப் பாட்டு, அவருடைய நூலின் பழைய பதிப்பு எதிலும் இல்லை. மறுநாள் மலர் அச்சுக்குப் போகவேண்டும்.

"ஊருக்கே தெரியும், அவரின்ரை பேரைப் போடுங்கோ பிள்ளை," என்றார் கோயில் செயலாளர் யோகராசா.

"ஆதாரம் இல்லாமல் ஏலாது, அண்ணை."

கோயில் அலுமாரியைக் கிண்டியபோது ஐம்பது வருடத்துக்கு முந்திய திருவிழாத் துண்டுப்பிரசுரம் அகப்பட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு பாட்டுகள். மேலே பெரிதாக ஞானியார் பெயர். இரண்டாம் பாட்டின் அடியில் பொடி எழுத்தில் 'தங்கேஸ்வரி'. மேலே மட்டும் பார்த்த ஊர், இரண்டையும் அவருக்கே கொடுத்துவிட்டது.

கோயில் வாசலில் பூக்கட்டும் முதியவரின் பெயரும் அதுவே; தேனுகா காட்டிய பிரசுரத்தைப் பார்த்துத் தங்கேஸ்வரி சிரித்தார். "ஓம், நான்தான் எழுதினனான். என்ரை பாட்டெண்டால் ஆர் பாடியிருப்பினம்?"

"ஐம்பது வருசமா ஞானியாராய் ஒளிச்சிருந்திருக்கிறீங்கள், அக்கா!" என்றார் யோகராசா.

மலரில் பாட்டு தங்கேஸ்வரியின் பெயரோடு வந்தது. உங்கள் வீட்டிலும் பாட்டும் சிரிப்பும் நிறைந்திருக்கட்டும், மக்களே.