பிப்ரவரித் தேனீ

செர்பியாவின் நோவி சாத் நகரத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ரய்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் இசிதோராவைப் பெண் கேட்டு மாப்பிள்ளையின் பெற்றோர் வரும் சனிக்கிழமைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் ஊசி போட்டு உதட்டைக் கொஞ்சம் எடுப்பாக்கிக்கொள்ள ஆசைப்பட்டாள்.

"வீக்கம் ரெண்டு நாளைக்கு மோசமாத்தான் இருக்கும். அப்புறம் வடிய ஆரம்பிக்கும். கன்னிப்போனது மறைய ரெண்டு வாரம் ஒதுக்கிக்கோங்க" என்றார் டாக்டர்.

வியாழன் மாலை ஊசி. வெள்ளி, திங்கள், செவ்வாய் லீவு. கடைவாய்ப்பல் வலி என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை கண்ணாடியில் பார்த்தால், மேலுதடு மூக்கைத் தொட எழும்பி நின்றது. ஓரத்தில் நாவல்பழக் கறைபோலக் கன்னிப்போயிருந்தது. பரவாயில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஐஸை ஒற்றிக்கொண்டிருந்தபோது இசிதோரா போன் செய்தாள்.

"அம்மா, அவரோட அப்பா அம்மா ஏதோ வேலையா ஊருக்கு வந்திருக்காங்களாம். இப்பவே பார்த்துட்டுப் போறாங்களாம். கூட்டிட்டு வந்துட்டிருக்கேன்."

மூச்சுவிட நேரமில்லை. கதவைத் திறந்ததும் மூன்று பேரின் கண்ணும் அவள் உதட்டில் போய் நின்றது.

"தேனீ கொட்டிடுச்சு" என்றாள் ரய்னா.

மாப்பிள்ளையின் அப்பா ரதிவோயே நாற்பது பெட்டி தேனீ வளர்ப்பவர் என்பது மகளின் முகம் போன போக்கில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பிப்ரவரியிலயா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "இந்தக் குளிருக்கு என் தேனீ ஒண்ணுகூட வெளிய வரலயே! இருங்க சம்பந்தி, கொடுக்கு நிக்குதான்னு பார்க்கறேன். அட, இந்தப் பக்கம் ரெண்டு துளை, அந்தப் பக்கம் ரெண்டு. அளவெடுத்துல்ல கொட்டியிருக்கு!"

அவர் மனைவி ஸ்பொமென்கா ரய்னாவின் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை மில்லி ஊசி போட்டுக்கிட்டீங்க?"

"ஒண்ணு."

"மொத தடவைக்கு அரை போதும் சம்பந்தி. நான் தம்பி கல்யாணத்துக்கு நாலே நாள் முன்னாடி போட்டுட்டு, போட்டோ பூரா பூங்கொத்தால மூஞ்சிய மறைச்சுட்டு நின்னேன். சரி, மே பத்தாம் தேதி கல்யாணம்னு இவர் சொல்றார். ஏப்ரல் கடைசியில நாம ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கப் போயிடலாமா?"

"ஏப்ரல்ல எனக்கு லீவு தர மாட்டாங்க. மே கடைசியில கிடைக்கும்."

ஸ்பொமென்கா விரல்விட்டு எண்ணினாள். "அப்போ ஜூன் பாதியில கல்யாணம். விடுங்க, இவரை நான் பார்த்துக்கறேன்."

வெளியே வந்து கணவனிடம் கேட்டாள்: "ஏங்க, மே மாசம் தேன் எடுக்கற நேரத்துல கல்யாணத்த வெச்சா பெட்டிகளை யார் பார்க்கறது?"

ரதிவோயேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதத்தான் நானும் யோசிச்சிட்டிருந்தேன்! ஜூன்தான். என் முடிவு இதுதான்."

"எங்களைக் கேட்க மாட்டீங்களா?" என்றாள் இசிதோரா.

யாரும் காதில் வாங்கவில்லை. ரதிவோயே எல்லாருக்கும் ரக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றினார். ஸ்பொமென்கா, "இவங்களுக்கு வேண்டாம், வீக்கம் கூடிடும்" என்று ரய்னாவின் கிண்ணத்தையும் எடுத்துத் தானே குடித்துவிட்டு, உதட்டில் ஒற்றிக்கொள்ள அவள் கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் திணித்தாள்.