ஆடியில் விழுந்த தேதி

வங்கியில் இருக்கும் சல்மா அக்கா தொலைபேசியில் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "காமினி, அந்தத் தையல் கடை ஃபைல்ல ஒரு பிரச்சினை. நீ இங்க வந்தா நல்லது" என்று மட்டும் சொன்னார். காமினி அப்போதே எழுந்து கைப்பையை எடுத்தாள். எந்தப் பிரச்சினை என்று கேட்கவே இல்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

லைட் ஸ்திரீட்டில் வழக்கறிஞர் காஜா மொய்தீனின் அலுவலகத்தில் அவள் கிளார்க். அங்கிருந்து பீச் ஸ்திரீட் வங்கிக்கு நடந்தே போய்விடலாம். அவள் ஓடினாள். ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் சாலையை அடைத்திருந்தன. பெருநாள் வருவதுபோல் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையை நிறைத்துக்கொண்டு கூட்டம் நகர்ந்தது. திங்கட்கிழமை தேசிய தினத்துக்கு மாற்று விடுமுறை. அதாவது இன்றைக்குப் பணம் போகவில்லை என்றால் இனி செவ்வாய்தான். செவ்வாய்க்கிழமை போனால் பிரயோஜனமில்லை.

சுங்கை பினாங்கில் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் அந்தக் கடையைப் புஷ்பவள்ளி எட்டு வருடமாக வாடகைக்கு வைத்திருந்தார். உரிமையாளர் விற்கப்போகிறேன் என்றதும் நகையை விற்று இருபதாயிரம் மலேசிய வெள்ளி முன்பணம் கட்டினார். மிச்சத்தில் நூற்று அறுபதாயிரத்தை வங்கி தருவதாகச் சொன்னது. பணம் கட்டவேண்டிய கெடு ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இரண்டாம் கெடு இன்றோடு முடிகிறது. கூடுதலாகத் தர வேறொருவர் காத்திருக்கிறார் என்றும், இனி ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்றும் உரிமையாளரின் வழக்கறிஞர் எழுதியனுப்பிவிட்டார். தவறினால் கடையும் போகும், முன்பணமும் போகும்.

சல்மா கடன் ஒப்பந்தத்தை விரித்து வைத்திருந்தார். வங்கியில் பணம் வெளியே போகும் முன் கடைசியாகப் பார்க்கிற மேசை அவருடையது.

"உக்காரு. முதல்ல மதிப்பு. கடன் நூத்தி அறுபதாயிரம், முத்திரை வரி எண்ணூறு வெள்ளி. ஆயிரத்துக்கு அஞ்சு. சரியா இருக்கு." விரல் அடுத்த தாளுக்குப் போனது. இப்போதெல்லாம் முத்திரை வரி கட்டினால் கணினியிலிருந்து வருகிற சான்றிதழ் அது. "இதுல ஒப்பந்தத் தேதி ஆகஸ்ட் அஞ்சு. சரி. இப்ப ஒப்பந்தத்தோட முதல் பக்கம் பாரு."

ஆகஸ்ட் பதினெட்டு என்று காமினியின் கையெழுத்திலேயே இருந்தது. அழகாக, நிதானமாக எழுதியிருந்தாள்.

"பதிமூணு நாள் கழிச்சு வரப்போற ஒப்பந்தத்துக்கு முன்னாடியே வரி கட்டிட்டியாமா? ஜோசியமா பாத்த?"

ஒரு வகையில் அதுதான் நடந்தது. கடன் வாங்குபவர்கள் முதலில் கையெழுத்துப் போடுவார்கள், வங்கி கடைசியில் போடும், அந்தக் கடைசி நாளைத்தான் தேதியாக எழுதவேண்டும். அதுவரை கிளார்க் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைப்பாள். புஷ்பவள்ளியும் அவரோடு சேர்ந்து கடன் வாங்கும் மகனும் ஆனி மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வங்கி போட்டது ஆகஸ்ட் ஐந்து. ஆடி நடந்துகொண்டிருந்தது. காமினி ஐந்து என்று கணினியில் கொடுத்து வரியும் கட்டிவிட்டாள். அன்று மாலையே புஷ்பவள்ளி கூப்பிட்டார். ஆடியில கடைப் பத்திரமா, வேணாம்மா, ஆவணி பொறக்கட்டும், உனக்குப் புண்ணியமா போகும் என்றார். சான்றிதழ் வெறும் வரி ரசீதுதானே, ஒப்பந்தத்தில் எழுதுவதுதானே தேதி என்று காமினி நினைத்துக்கொண்டாள். ஆவணி பிறந்ததும் பேனாவால் பதினெட்டு என்று எழுதினாள். அதைச் செய்தபோது அவளுக்கு ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம்கூட இருந்தது.

"அக்கா, நான் இன்னொரு தடவை எண்ணூறு வெள்ளி கட்டிடறேன். என் காசு. பதினெட்டுன்னு புதுச் சான்றிதழ் எடுத்துட்டா?"

"அதையும் யோசிச்சேன் லா." சல்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "வங்கிக்காகக் கையெழுத்துப் போட்டது யாரு? ஹபீப் முகம்மது சார். அவரு பதினஞ்சாந் தேதி ஓய்வு. அவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம் அன்னையோட முடிஞ்சது. பதினெட்டாந் தேதி ஒப்பந்தம்னா, அதிகாரம் இல்லாத ஆளு கையெழுத்து. நாளைக்கு இந்தக் கடன் கோர்ட்டுக்குப் போனா என் தலை உருளும்."

காமினி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேதி ஒன்றைத் தள்ளிவைத்ததில் சான்றிதழும் கையெழுத்தும் சேர்ந்து சரிந்துவிட்டன.

"நிஜமா என்னிக்கு முடிஞ்சதோ அதைப் போடு. அஞ்சு. அதுதான் உண்மை, அதுதான் வழி. அடிச்சு எழுது, வெள்ளை மை பூசக்கூடாது. அடிச்ச ஒவ்வொரு இடத்திலயும் அம்மாவும் மகனும் சுருக்கொப்பம் போடணும். வங்கிக்கு மர்ஜானா போடுவாங்க, இப்ப அதிகாரம் அவங்க கையில. உங்க லோயர் என்ன நடந்துச்சுன்னு கடிதம் தரணும். நாலு மணிக்கு மேல இன்னிக்குப் பணம் போகாது."

"முடியுமா அக்கா?"

"முடியாதுன்னு சொன்னா வீட்டுக்குப் போயிடுவியா?"

மூலப்பிரதியைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு காமினி வெளியே வந்தாள். காஜா மொய்தீன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார், தொலைபேசி அணைந்திருந்தது. செய்தி மட்டும் அனுப்பினாள். 'சார், நான் தப்பு பண்ணிட்டேன்' என்று தட்டி, அழித்து, மறுபடியும் அதையே தட்டினாள்.

வாடகைக் காரில் சுங்கை பினாங்குக்குப் போகும்போது ஒப்பந்தத்தை முழுதாகப் புரட்டினாள். தேதி முதல் பக்கத்தில் மட்டுமல்ல, மேலட்டையிலும் கடைசி அட்டவணையிலும் இருந்தது. மூன்று இடம். மூன்றிலும் பதினெட்டை அடித்து ஐந்து என்று எழுதி, மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டினாள். ஒட்டிய பிறகும் நம்பிக்கை வரவில்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

புஷ்பவள்ளி ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். காமினி சொல்லி முடிக்கும்வரை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப என்கிட்ட சரி சரின்னு ஏன் தலையாட்டுன?"

"நீங்க கேட்டீங்க அக்கா. மனசு கேக்கல."

"நான் என்ன லோயரா? எனக்குத் தெரிஞ்சத நான் கேட்டேன். முடியாதுன்னு சொல்றதுக்குத்தானே நீ படிச்சிருக்க?"

காமினி ஒப்பந்தத்தை விரித்துப் பேனாவை நீட்டினாள். புஷ்பவள்ளி பேனாவை வாங்கினார். ஐந்து என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் கை ஒரு கணம் நின்றது. "வீட்டுக்காரர் லாரி வாங்குனது ஆடியிலதான். அந்த லாரியோட போனவர் திரும்பல" என்றார். மூன்று இடத்திலும் போட்டுவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "நானும் வரேன். நீ தனியா போனா இன்னும் யாருக்காவது மனசு இரங்கிடுவ."

மகன் லோகேஸ்வரன் பாயான் பாரு பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தான். தூசு நுழையக்கூடாத கூடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. வாசல் காவலாளி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். இடைவேளை வரை ஆளை வெளியே விடமுடியாது என்று பதில் வந்தது. புஷ்பவள்ளி மலாயில் கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். காவலாளி தன் நாற்காலியை எடுத்து அவருக்குக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வெயில் கொளுத்தியது. உட்கார மறுத்து வேலியோரம் நின்ற புஷ்பவள்ளி, யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். "புது மெஷின் ரெண்டு வாங்கிப்போட்டேன். சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சேன். தீபாவளி ஆர்டர் எல்லாம் எடுத்துட்டேன்." காமினி ஒப்பந்தத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். வியர்வை தாளில் பட்டுவிடுமோ என்று தள்ளிப் பிடித்தாள். பிறகு காற்றில் பறந்துவிடுமோ என்று மறுபடி அணைத்தாள்.

இடைவேளைக்கு வந்த லோகேஸ்வரன் விஷயம் கேட்டதும் பேனாவை வாங்கி மேலட்டையை நோக்கிக் குனிந்தான்.

"நில்லுங்க" என்று காமினி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கடைசிப் பக்கத்துல எப்படிப் போட்டிருக்கீங்கன்னு முதல்ல பாருங்க."

பார்த்தான். முழுப்பெயரின் முதலெழுத்தைச் சுழித்து, கீழே கோடிழுத்துப் போட்டிருந்தான். "ஐயோ, நான் வேலையில போடற மாதிரி வெறும் எல் போட இருந்தேன்."

"இதோட ஒத்துப்போகலேன்னா வாங்க மாட்டாங்க."

கையுறைக்குள் விறைத்திருந்த விரல்களை உதறிக்கொண்டு தொழிற்சாலைச் சீட்டின் பின்புறம் இருமுறை போட்டுப் பார்த்தான். "பரீட்சைக்குக்கூட நான் இப்படி எழுதிப் பாக்கல" என்றான். "பரீட்சையில நீ பெயிலுதானே" என்றார் அம்மா. பிறகு மூன்று இடத்திலும் போட்டான்.

திரும்பும் வழியில் ஜெலுத்தோங் விரைவுச்சாலை அசையவில்லை. விடுமுறைக்குத் தீவை விட்டுப் பாலத்தை நோக்கிப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். காஜா மொய்தீன் கூப்பிட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று காமினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கடிதத்த நீயே எழுது. நடந்தத நடந்த மாதிரி. நான் படிச்சிட்டு கையெழுத்துப் போடறேன்."

காருக்குள் மடிக்கணினியை விரித்து எழுதினாள். 'தட்டச்சுப் பிழையால்' என்று தொடங்கினாள். இது தட்டச்சுப் பிழை இல்லை. அழித்தாள். 'ஒப்பந்தம் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நிறைவேறியது. என் அலுவலகக் கிளார்க், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால், தவறான தேதியை எழுதிவிட்டார்.' அந்த வரியில் வேலை போகலாம். பக்கத்தில் புஷ்பவள்ளி கண்ணை மூடி உதடசைத்துக்கொண்டிருந்தார். அந்த வரியை அப்படியே அனுப்பினாள்.

வங்கி வாசலில் காஜா மொய்தீனே கடிதத்துடன் நின்றார். காமினியின் கையில் கொடுத்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சல்மா எழுந்து நின்று மர்ஜானாவைக் கூப்பிட்டார். மர்ஜானா கடிதத்தை நிதானமாகப் படித்தார், மறுபடி படித்தார், பிறகு மூன்று இடத்திலும் சுருக்கொப்பமிட்டார். சல்மா முதலிலிருந்து ஆரம்பித்தார். மதிப்பு. தேதி, மூன்று இடம். கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம். லோகேஸ்வரனின் சுழியில் விரல் நின்றது. கடைசிப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் நான்காக இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

"சரி" என்றார் சல்மா. கணினியில் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "போயிடுச்சு. உரிமையாளரோட லோயர் கணக்குல விழுந்துடுச்சு."

புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. யாரும் தொடவில்லை.

"திங்கக்கிழமை லீவு" என்றார் காஜா மொய்தீன் காமினியிடம். "செவ்வாய்க்கிழமை வா, பேசலாம். இனிமே தேதி நான் போடுவேன்." அவ்வளவுதான் சொன்னார். வேலை இருக்கிறதா, இல்லையா என்று அவர் போன பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

வெளியே வந்ததும் புஷ்பவள்ளி பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தது.

"இத நீ தொடாத" என்றார் தணிந்த குரலில். "வங்கிக்குப் போனது போயிடுச்சு. இது என் வீட்டுல இருக்கப்போறது. இதுல பதினெட்டே இருந்துட்டுப் போகட்டும். யாரு பாக்கப்போறா?"

காலையில் என்றால் காமினி சரி என்று சொல்லியிருப்பாள். இப்போதும் நாக்கு நுனிக்கு அதுதான் வந்தது.

"முடியாது அக்கா" என்றாள்.

புஷ்பவள்ளி குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பிரதியை நீட்டிவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். காமினி குங்குமத்தின்மேல் கை படாமல் தாளைச் சுவரில் அழுத்திப் பிடித்து, பதினெட்டின் மேல் ஒரு நேர்கோடு இழுத்தாள்.