அட்வான்ஸ் என்று எழுதிய கடிதம்

கண்டி நகரத்து ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் புஷ்பத்துக்கு இது ஏழாவது வருஷம். கணக்காளர் தனபாலனின் மேசைக்கு முன்னால் நின்றால் மட்டும் ஏழு வருஷமும் முழங்காலில் வந்து குந்திக்கொள்ளும். பக்கத்தில் கதிரை இருந்தது. உட்காரச் சொல்லத்தான் அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

கடிதத்தை அவள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். கணவர் ராஜலிங்கத்துக்குக் கண்ணில் புரை, ஆட்டோ ஓட்டி மூன்று மாதமாகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷன், அதற்குள் லென்ஸை வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். 'அட்வான்ஸ் முப்பத்தாறாயிரம் ரூபாய் தேவை. சம்பளத்தில் மாதம் ஆறாயிரமாக ஆறு மாதத்தில் வெட்டிக்கொள்ளவும்.' இந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"அட்வான்ஸ் பாதிச் சம்பளத்துக்கு மேல தர ஏலாதே," என்றார் தனபாலன். "உங்களுக்கு இருபதாயிரம்தான் வரும். அதையும் அடுத்த சம்பளத்துலயே முழுசா வெட்டிருவோம்."

"அப்ப சாப்பாட்டுக்கு என்னா சார் செய்றது? எங்க தேயிலைத் தோட்டத்துல தீபாவளி அட்வான்ஸை மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாத்தானே புடிப்பாங்க."

அப்போதுதான் அவர் கடிதத்தைக் கடைசிவரை படித்தார். "மாசாமாசம் வெட்டுறதுன்னா இங்க அது ஸ்டாஃப் லோன். அதுக்கு வேற ஃபோம் நிரப்பணும். வட்டி இல்ல. நிரந்தர வேலையில இருக்கிற ரெண்டு பேர் பிணைக்குக் கையெழுத்து வைக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! புஷ்பம் ஃபோமை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூட வேலை செய்யும் ஜஹானாவும் சுமனும் இஸ்திரி மேசைமேலேயே கையெழுத்து வைத்தார்கள். "நீங்க ஓடிப் போனா எங்க சம்பளத்துலதான் வெட்டுவாங்க அக்கா," என்றான் சுமன். "இந்த முழங்காலை வச்சுக்கிட்டு எங்கடா ஓட," என்றாள்.

பின்னேரம் மெனேஜரின் ஒப்பமும் விழுந்தது. புதன்கிழமை காசு கைக்கு வரும் என்றார் தனபாலன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் புஷ்பம் அசையாமல் நின்றாள்.

"சார், இந்த லோன் எப்ப இருந்து இருக்கு?"

"நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே."

"போன வருஷம் மக லோஜினியோட நர்சிங் படிப்புக்கு அறுபதாயிரம் கேட்டேனே. அவ்வளவு தர ஏலாதுன்னீங்களே."

தனபாலன் பழைய கோப்பைப் புரட்டினார். "நீங்க அன்னைக்கும் அட்வான்ஸ்தானே கேட்டீங்க."

சொன்னதில் வஞ்சகம் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எந்தச் சொல்லைச் சொல்லி அழ வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. படிப்பை விட்ட லோஜினி இப்போது புடைவைக் கடையில் காலையிலிருந்து மாலைவரை நிற்கிறாள்.

பஸ்ஸில் ஏறியபோது அவளிடமிருந்துதான் அழைப்பு வந்தது.

"அட்வான்ஸ் கெடச்சுச்சாம்மா?"

"கெடச்சிருச்சு," என்றாள் புஷ்பம். அது அட்வான்ஸ் இல்லையென்று மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.