சறுக்காத செருப்பு

“தாத்தா, ஒண்ணை மட்டும் அப்படியே விட்டுடுங்களேன்” என்று கெஞ்சினாள் பள்ளிச் சிறுமி. அடி தேய்ந்து வழவழத்த அந்தச் செருப்போடுதான் அவள் பள்ளி வராந்தாவில் சறுக்கி எல்லாரையும் ஜெயித்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முன்னால் புது அடி போட்டு வரச்சொல்லி அம்மா துரத்திவிட்டிருந்தாள்.

“மண்டை உடைஞ்சா அதை நான் தைக்க முடியாது” என்றார் தெருவோரக் கடையில் செருப்புத் தைக்கும் கிழவர். பழைய அடியையும் புது ரப்பரையும் அரத்தால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் பசை தடவிக் காயவைத்தார்.

வானம் கறுத்தது. “சீக்கிரம் ஒட்டுங்க தாத்தா!”

“ஈரத்தோட ஒட்டினா நாளைக்கே வாயைப் பிளக்கும். சும்மா இரு.”

விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தி, சுத்தியலால் தட்டினார். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலால் ஓரம் முழுக்கத் தைத்து முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

சிறுமி நனைந்த சிமெண்டுத் தரையில் ஓடிச் சறுக்கிப் பார்த்தாள். செருப்பு இம்மியும் நகரவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

“நம்ம வேலைன்னா சும்மாவா?” என்று எழுந்த கிழவர், கடைக்கு மேல் தார்ப்பாயை இழுக்க ஓரடி வைத்தார். சர்ரென்று எதிரே இருந்த விளக்குத் தூண்வரை சறுக்கிப்போய், அதைக் கட்டிப்பிடித்து நின்றார்.

சிறுமி அவர் காலில் கிடந்த, அடி தேய்ந்த செருப்பையே பார்த்தாள்.

“தாத்தா, உங்க செருப்பு என்ன சைஸ்?”