ஐந்து தலைப்பும் ஒரு வண்டிச் சத்தமும்

"இது டைரி," என்றாள் ஆசிரியை.

"டைரிதானே மேடம் எழுதச் சொன்னீங்க?"

"எழுதச் சொன்னேன். அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அஞ்சு தலைப்புல ஒரு அறிக்கை எழுதச் சொன்னேன். நீங்க டைரியையே வேற தாள்ல எழுதிக் கொண்டு வந்திருக்கீங்க. மூணாவது தடவை."

பெரியக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. நர்ஸிங் கல்லூரியில் அவளுக்கு அந்தப் பெயர் முதல் வாரமே விழுந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் ஆயாவாக இருந்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் நர்ஸ் ஆகப் படிக்க வந்தவள். ஆசிரியை அவளைவிடப் பதினைந்து வயது சிறியவள். அதுவும் ஒரு எரிச்சல்.

"தலைப்பு அஞ்சும் போட்டிருக்கேனே மேடம். அடிக்கோடுகூடப் போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்க. 'விவரிப்பு'. கீழ என்ன இருக்கு? 'அந்தச் சமையல்கட்டு ஆளுக்குக் கண்ணு இருக்கா இல்லையா.' இது விவரிப்பா?"

"நடந்தது அதுதானே?"

"நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, யார் என்ன செஞ்சாங்க. அவ்வளவுதான் விவரிப்பு. கோபம் 'உணர்வுகள்'ல வரணும். எது சரியாப் போச்சு, எது தப்பாப் போச்சுங்கறது 'மதிப்பீடு'. ஏன் அப்படி ஆச்சுங்கறது 'பகுப்பாய்வு'. நீங்க அஞ்சு பாத்திரத்திலயும் ஒரே குழம்பை ஊத்தியிருக்கீங்க."

பெரியக்கா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நோயாளி பேரு, கட்டில் நம்பர் எல்லாம் எழுதியிருக்கீங்க. ஊருக்கே தெரியணுமா? கோடு போட்டு அடிங்க. அப்புறம் 'செயல்திட்டம்' பாருங்க. 'இனி கவனமாக இருப்பேன்.' கவனமா இருக்கறது ஒரு திட்டமா? நான் வார்டுக்கு வந்து எதைப் பார்த்து டிக் போடறது? உங்க முகத்தையா?"

"மேடம், மணி ஒண்ணரை."

"நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். நாலுக்குள்ள கையெழுத்து ஆகலைன்னா செய்முறைத் தேர்வுப் பட்டியல்ல உங்க பேரு இருக்காது. ஆறு மாசம் மறுபடி அதே வார்டு. உங்களுக்கே தெரியும்."

தெரியும். தெரியாமலா மூன்று முறை படியேறி வந்தாள்.

கல்லூரி வாசலுக்கு எதிரே அவள் நாத்தனாரின் டைப்பிங் கடை. மனு, விண்ணப்பம், புகார்க் கடிதம் எல்லாம் அங்கேதான் அடிக்கக் கொடுப்பார்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுழலும்போது கடகடவென்று பேசும் ஒரு மின்விசிறி.

"திருப்பி அனுப்பிட்டாளா?" என்றாள் நாத்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படித் தெரியும்?"

"செருப்பு சத்தத்துலயே தெரியுது அண்ணி. உக்காருங்க. டைரியைக் குடுங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன். எனக்கு முன்னால ரெண்டு மனு இருக்கு, சீக்கிரம்."

"எழுது. அன்னைக்கு அந்தச் சமையல்கட்டு ஆள்..."

"மணி?"

"என்ன மணி?"

"மனுன்னா தேதி, நேரம் இல்லாம நான் அடிக்கறதில்ல. உங்க மேடமும் அதைத்தானே கேக்கறா?"

"நீயும் அவ கட்சியா?"

"மணி சொல்லுங்க அண்ணி."

பெரியக்கா பெருமூச்சு விட்டாள். மதியம் பன்னிரண்டுக்கு அந்த நோயாளிக்குச் சர்க்கரை பார்த்தாள், நூற்று எண்பத்தாறு. மருந்துச் சீட்டில் இருந்தபடி சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினை எடுத்தாள். பொறுப்பு சிஸ்டர் அளவைச் சரிபார்த்தார். பன்னிரண்டு பத்துக்கு ஊசி போட்டாள். பன்னிரண்டு இருபதுக்குச் சக்கர நாற்காலிக்காரர் வந்து நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரும்பி வந்தபோது ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சர்க்கரை ஐம்பத்திரண்டு. உடனே குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண்பத்தொன்று. சிஸ்டர் அன்றே சம்பவப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா, எட்டே வரி," என்றாள் நாத்தனார். "திட்டு ஒண்ணுகூட இல்ல. சரி, உணர்வுகள்."

"பயந்தேன். அவர் கண்ணு மேல போச்சுடி ஒரு நிமிஷம். அப்புறம் கோபம். வெட்கமாவும் இருந்துச்சு, நான் ஆயாவா இருந்தப்ப கூட வேலை பார்த்தவங்க எல்லாம் வேடிக்கை பாத்தாங்க."

"இது நல்லாருக்கு. அடிச்சாச்சு. மதிப்பீடு. எது நல்லாப் போச்சு?"

"ஒண்ணும் நல்லாப் போகல."

"அந்த ஆளு பொழைச்சாரா இல்லையா?"

"பொழைச்சாரு. வேர்வையைப் பாத்ததும் நான்தான் சுகர் பாக்கலாம்னு சொன்னேன்."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா? சரி. எது சரியாப் போகல?"

"சாப்பாட்டுத் தட்டு வரல. சமையல்கட்டு ஆள் அவருக்கு மட்டும் தட்டு வைக்காம போயிட்டான். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான் அன்னைக்கு என்கிட்ட."

நாத்தனார் டைரியைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். முன்பக்கம் திருப்பினாள்.

"அண்ணி. இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான். ஏன்?"

"அதே தேதி. காலையில ஏழே முக்கால். 'நைட் சிஸ்டரிடம் ரிப்போர்ட் கேட்டேன். ஜன்னலோரப் பெரியவர், மதியம் வயிறு ஸ்கேன், அதுவரை வெறும் வயிறு.' அப்படின்னா தட்டு வரவே கூடாதுல்ல?"

பெரியக்கா டைரியை வாங்கி அந்த வரியைத் தானே படித்தாள்.

"சமையல்கட்டு ஆள் சரியாத்தானே செஞ்சிருக்கான்?" என்றாள் நாத்தனார்.

"நீ டைப் அடிக்கற வேலையை மட்டும் பாரு."

"அடிக்கத்தான் கேக்கறேன். வெறும் வயிறுன்னா இந்த ஊசி போடலாமா?"

"போடக் கூடாது. நிறுத்தி வெச்சிட்டு டாக்டரைக் கேக்கணும்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"சாப்பாடு வந்துடுச்சுன்னு போட்டேன்!"

"தட்டைப் பாத்தீங்களா?"

"சாப்பாட்டு வண்டி வந்துச்சுடி! வராந்தாவுல அந்த வண்டிக்கு ஒரு சக்கரம் கிறீச்சுனு கத்தும். பன்னிரண்டு வருஷம் அதைத் தள்ளினவ நான். அந்தச் சத்தம் கேட்டா மூணு நிமிஷத்துல கட்டிலுக்குக் கட்டில் தட்டு வந்துடும். எனக்குக் கடிகாரமே வேண்டாம்."

"சிஸ்டர் கேக்கலையா, சாப்பாடு வந்துச்சான்னு?"

பெரியக்கா முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அண்ணி?"

"கேட்டாங்க. 'வந்தாச்சு சிஸ்டர்'னேன்."

நாத்தனார் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். குரலைத் தாழ்த்தினாள். "இதை மட்டும் எழுதாதீங்க. டைரியிலயும் இல்ல, விட்டுடுங்க. இத்தனை வருஷமா மனு அடிக்கறேன், தனக்கு எதிரா இருக்கறதைத் தானே எழுதிக் குடுக்கற ஒரு ஆளை நான் பாத்ததில்ல. தேர்வுப் பட்டியல்ல பேரு வரணுமா வேண்டாமா?"

"வரணும்."

"அப்ப பகுப்பாய்வுல என்ன போட? வார்டுல தகவல் பரிமாற்றம் சரியில்லன்னு பொதுவா ஒரு பத்தி அடிக்கறேன். யாரையும் சுடாது."

"அடி."

அடித்தாள். பெரியக்கா பின்னால் நின்று படித்தாள். கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. அரசாங்கக் கடிதம் மாதிரி.

"செயல்திட்டம்?" என்றாள் நாத்தனார்.

"சமையல்கட்டு ஆள் தட்டு வைக்காட்டி முன்கூட்டியே சொல்லணும். சக்கர நாற்காலிக்காரர் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால கேக்கணும்."

"இது அவங்க செயல்திட்டம் அண்ணி. உங்களுது?"

"கவனமா இருப்பேன்."

"அதைத்தானே மேடம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினா!"

"எனக்குத் தெரியும்! தெரியாமலா நிக்கறேன்? மேல இருக்கறது பொய்யா இருந்தா கீழ எழுத ஒண்ணும் வரமாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பத்தியை எடு."

"அண்ணி..."

"எடுன்னா எடு. மணி என்ன?"

"மூணு பத்து."

"அடி. விவரிப்புல ஒரு வரி சேரு. 'உணவு வந்துவிட்டதா என்று சிஸ்டர் கேட்டார். வந்துவிட்டது என்று நான் சொன்னேன். நான் தட்டைப் பார்க்கவில்லை.' பகுப்பாய்வு. 'வண்டியின் சத்தத்தை வைத்துச் சொன்னேன். ஆயாவாக இருந்தபோது வண்டி வந்தால் வார்டு முழுவதற்கும் சாப்பாடு வந்தாயிற்று என்பது என் கணக்கு. யாருக்குத் தட்டு இல்லை என்பது வண்டியில் இருக்கும் சீட்டின் வேலை. இப்போது ஊசி என் கையில். ஒருவருக்குத் தட்டு உண்டா என்பது என் வேலை. பழைய காதை வைத்துக்கொண்டு புது வேலை செய்தேன். காலை ரிப்போர்ட்டில் கேட்டதை டைரியில் எழுதினேனே தவிர, ஊசி எடுக்கும்போது திறந்து பார்க்கவில்லை.'"

நாத்தனார் அடித்தாள்.

செயல்திட்டம் தானாக வந்தது. ஊசி எடுப்பதற்கு முன் வெறும் வயிற்றுப் பட்டியலைப் பார்ப்பது. தட்டு நோயாளியின் மேசையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. இரண்டு வாரத்தில் பத்து ஊசி, ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் பக்கத்தில் நின்று குறிப்பேட்டில் கையெழுத்து.

"சமையல்கட்டு ஆளு?" என்றாள் நாத்தனார்.

"அது தாள்ல வராது. போய் நேர்ல சொல்லணும்."

மூன்று ஐம்பதுக்கு ஆசிரியை அதைப் படித்தாள். பேனாவை மூடிபோட்டு வைத்துக்கொண்டு படித்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சிஸ்டர் எழுதிய சம்பவப் படிவம்.

"இதுல 'உணவு வந்ததாகச் சொல்லப்பட்டது'ன்னு இருக்கு. யார் சொன்னதுன்னு இல்ல."

"தெரிஞ்சேதான் மூணு தடவை திருப்பி அனுப்பினீங்களா?"

"சந்தேகம் இருந்துச்சு. நான் சொல்லி நீங்க எழுதினா அது என் அறிக்கை."

"முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்! மூணு வாரம்!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பெரியக்கா யோசித்தாள். "சமையல்கட்டு ஆளைத்தான் சொல்லியிருப்பேன்."

"இந்த வண்டிச் சத்தம் டைரியில எங்கயுமே இல்லையே?"

"டைரி எழுதறப்ப எனக்கே தெரியாது மேடம். நேரம் போட்டு எழுதினப்பதான் கேட்டுச்சு."

ஆசிரியை பேனாவைத் திறந்தாள். "பத்து ஊசி, சரி. முதல் ஊசி என்னைக்கு?"

"திங்கட்கிழமை மதியம்."

"தேதியைப் பேனாவுல எழுதுங்க. நான் வந்து பாப்பேன்."

எழுதினாள். ஆசிரியை கையெழுத்துப் போட்டாள். பிறகு இரண்டாம் பத்தியின் ஓரத்தில் எதையோ கிறுக்கினாள்.

எதிர்க் கடை வாசலில் நாத்தனார் இரண்டு மனுக்காரர்களை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"போட்டாளா?"

"போட்டா."

"தப்பை ஒத்துக்கிட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"ஓரத்துல எழுதியிருக்கா, பாரு." தாளை நீட்டினாள். "'உணர்வுகள் பகுதியில் கடைசி வரி பகுப்பாய்வைச் சேர்ந்தது. அடுத்த முறை மாற்றவும்.'"

"அடுத்த முறையா?"

"மாசத்துக்கு ஒண்ணாம்," என்றாள் பெரியக்கா. தாளை நாலாக மடிக்கப் போனவள், நிறுத்தி, மடிக்காமல் பைக்குள் வைத்தாள். "தள்ளு, நான் போகணும். சமையல்கட்டுல அஞ்சு மணிக்கு ஷிப்ட் மாறிடும்."